தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கும் வலி

வயிற்று வலி என்று யார் வந்தாலும் அறுவைச் சிகிச்சை வார்டில் மூன்று கேள்விகள் கேட்போம். வலி முதலில் எங்கே ஆரம்பித்தது? இப்போது எங்கே இருக்கிறது? வருவதற்கு முன்னால் என்ன மாத்திரை போட்டீர்கள்? நான் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்த காலம் முழுக்க, முதல் இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான பதில் கிடைக்காமல் போனதற்குக் காரணம் பல சமயம் மூன்றாவது கேள்வியின் பதிலில்தான் இருந்தது. அக்கா மகனுக்கு அப்பென்டிசைட்டிஸ் என்கிற குடல்வால் அழற்சி வந்தபோதும் அப்படியே.

அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பீஸ் ரேட் வேலை. கூட வேலை செய்கிற பையன்களோடு லைன் வீட்டில் தங்கியிருக்கிறான். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் போண்டா சாப்பிட்டிருக்கிறான். இரவு எட்டு மணி வாக்கில் தொப்புளைச் சுற்றிப் பிசைகிற மாதிரி ஒரு வலி. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் விரலால் காட்ட முடியாமல், உள்ளங்கையை வயிற்றின் நடுவில் வைத்து வட்டமாகத் தடவிக் காட்டுகிற வகை வலி. சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பதினொரு மணிக்கு ஒரு தரம் வாந்தி. போண்டா ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாருமே முடிவு செய்துவிட்டார்கள்.

அறையில் இருந்த பையன் மெடிக்கலில் வாங்கி வைத்திருந்த வயிற்று வலி மாத்திரையைக் கொடுத்தான். டைசைக்ளோமினும் மெஃபினாமிக் அமிலமும் சேர்ந்தது, மாதவிலக்கு வலிக்கு நம் ஊர்ப் பெண்கள் பையில் வைத்திருக்கிற அதே மாத்திரை. ஒரு மணி நேரத்தில் வலி தணிந்தது, தூங்கிவிட்டான். வெள்ளிக்கிழமை காலையில் இட்லியைப் பார்த்தாலே குமட்டியது. ஷிப்மென்ட் நேரம், லீவு எடுக்க முடியாது. பத்து மணிக்கு மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது மறுபடி வலி. இன்னொரு மாத்திரை, கூடவே ஒரு பாராசிட்டமால், ஒரு கேஸ் மாத்திரை. மதியம் பக்கத்தில் இருந்த கிளினிக்கில் இடுப்பில் ஒரு ஊசி, டைக்ளோஃபெனாக். அங்கே வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை என்று பிறகு சொன்னான்.

ஊசி நன்றாக வேலை செய்தது. ஆபத்தும் அந்த இடத்தில்தான் இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள, குடல்வால் வீங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். பெருங்குடல் தொடங்குகிற இடத்தில், வயிற்றின் வலது கீழ்ப்பக்கம், விரல் மாதிரி ஒரு குழாய் தொங்குகிறது. ஒரு முனை மூடியது, மறு முனை மட்டும் குடலுக்குள் திறக்கிறது. அந்த வாய் கெட்டியான மலத் துணுக்காலோ, உள்சுவரில் இருக்கிற நிணத்திசு வீங்கியோ அடைபட்டால், உள்ளே சுரக்கிற நீர் வெளியேற வழியில்லாமல் குழாய் உப்புகிறது. கிருமிகள் பெருகுகின்றன. குழாயின் சுவருக்கு ரத்தம் போவது குறைகிறது. கடைசியில் சுவர் அழுகி ஓட்டை விழுகிறது.

முதல் கட்டத்தில் உப்பலை உணர்கிற நரம்புகள் வேலை செய்கின்றன. அவை தண்டுவடத்துக்குள் நுழைகிற மட்டமும், தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் நரம்புகள் நுழைகிற மட்டமும் ஒன்று. அதனால் கோளாறு வலது ஓரத்தில் இருந்தாலும் மூளைக்கு அது தொப்புள் வலியாகவே படுகிறது. சில மணி நேரம் போனபின், பெரும்பாலும் ஒரு நாளுக்குள், அழற்சி குழாயின் வெளிப்பக்கத்துக்கு வந்து வயிற்றின் உட்சுவரில் படர்ந்திருக்கும் மெல்லிய சவ்வைத் தொடுகிறது. அந்தச் சவ்வின் நரம்புகள் தோலின் நரம்புகளைப் போல இடம் சொல்லத் தெரிந்தவை. ஊருக்குள் எங்கேயோ சத்தம் கேட்கிறது என்று சொல்வதற்கும், நம் வீதியில் மூன்றாவது வீடு என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இது. வலி வலப்பக்கம் இறங்கியது என்றால் நோய் இடம் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை, அது முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. அழற்சி குழாயைத் தாண்டிச் சவ்வு வரைக்கும் வந்துவிட்டது என்பதே அதன் செய்தி.

அந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். வலது இடுப்பெலும்பின் முன்பக்கம் கைக்குத் தட்டுப்படுகிற முனை ஒன்று உண்டு. அதிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டு, எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம் வந்தால் அதுதான் வழக்கமாக அதிகம் வலிக்கிற புள்ளி. 1889ல் நியூயார்க்கைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி எழுதி வைத்த இடம் என்பதால் இன்றும் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். முதலில் உள்ளங்கையால் வயிற்றைத் தடவிக் காட்டியவர் இப்போது ஒற்றை விரலால் அங்கே தொட்டுக் காட்டுவார். வார்டில் இதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்பதற்கு முன்பே கை சொல்லிவிடும்.

இப்போது மாத்திரைகளுக்கு வருவோம். டைசைக்ளோமின் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது, அதனால் பிசைகிற வலி குறையும். மெஃபினாமிக் அமிலமும் டைக்ளோஃபெனாக்கும் அழற்சி நடக்கிற இடத்தில் வலியைத் தூண்டுகிற பொருட்கள் உண்டாவதைக் குறைக்கின்றன, அதனால் சவ்வின் குரல் தாழ்ந்துபோகும். பாராசிட்டமால் காய்ச்சலை இறக்கும். இவற்றில் ஒன்றுகூட அடைப்பைத் திறப்பதில்லை, கிருமியைக் கொல்வதில்லை. வலி எங்கிருந்து எங்கே போனது, இருமினால் வலிக்கிறதா, காய்ச்சல் எப்போது ஏறியது என்று நாம் கவனிக்க வேண்டிய நேரத்தை மட்டும் இவை மங்கலாக்கிவிடுகின்றன. உள்ளே குழாய் தன் வேகத்தில் உப்பிக்கொண்டேதான் இருக்கும்.

எங்கள் பையனுக்கு அந்த வெள்ளிக்கிழமை மதியம் வலி நிஜமாகவே குறைவாக இருந்தது. அக்கா போனில் ஊருக்கு வரச் சொல்லிவிட்டாள். பெருமாநல்லூர், குன்னத்தூர் வழியாகக் கோபி பஸ் ஏறினான். அந்தப் பயணத்தைப் பற்றி அவன் சொன்ன ஒரு விஷயம் முக்கியம். சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் பஸ் தூக்கிப் போடும்போது மட்டும் வலது அடிவயிற்றில் சுருக்கென்று குத்தியது. ஒரு கட்டத்தில் வேகத்தடை வருவதற்கு முன்பே முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் தூக்கிக்கொண்டானாம்.

சவ்வு வீங்கியிருந்தால் எந்த அதிர்வும் வலிக்கும். இங்கிலாந்தில் இதையே ஒரு ஆய்வாகச் செய்து 2012ல் வெளியிட்டார்கள். குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேர், மருத்துவமனைக்கு வரும் வழியில் வேகத்தடையில் வலி கூடியது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த நோய் இல்லாதவர்களிலும் நிறையப் பேர் அப்படிச் சொன்னார்கள், அதனால் இந்த ஒன்றை வைத்து உறுதி செய்ய முடியாது. ஆனாலும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

வீட்டுக்கு வந்தவனுக்கு அக்கா ஓமத்தண்ணி கொடுத்தாள். அம்மாயி குடல் தட்டுகிறவரைக் கூப்பிடலாம் என்றும், அதற்கு முன்னால் விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைச் சுத்தம் பண்ணலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் பேரன்மேல் வைத்திருக்கிற அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த நோயில் அவை இரண்டும் மிக ஆபத்தானவை. விளக்கெண்ணெய் குடலை வேகமாக முறுக்கும், எனிமாவும் அப்படித்தான். அழுகத் தொடங்கிய குழாய் அந்த அழுத்தத்தில் கிழிந்துபோகலாம். தடவுவதும் தட்டுவதும் நேராக அதன் மேலேயே அழுத்துவது. நல்ல வேளையாக அதற்கு முன் ஏழு மணிக்கு அக்கா எனக்குப் போன் செய்தாள்.

போனை அவனிடம் கொடுக்கச் சொன்னேன்.

"எங்கடா கண்ணு வலிச்சுது முதல்ல?"

"தொப்புள்ளீங்க சின்னம்மா."

"இப்ப எங்க?"

"இப்ப பெருசா ஒண்ணும் இல்லீங்க. ஊசி போட்டிருக்காங்க. வலது பக்கம் அடியில லேசா இருக்குதுங்க, அவ்ளோதான்."

"சரி, எந்திரிச்சு நின்னு நல்லா ஒருக்கா இருமு."

இருமல் பாதியில் நின்றுவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, குத்துதுங்க சின்னம்மா" என்றான். ஊசி போட்டு ஆறேழு மணி நேரம் ஆகியிருந்தது, அதன் வேகம் குறையத் தொடங்கியிருக்கும். அப்படியிருந்தும் இருமல் காட்டிக் கொடுத்துவிட்டது. இருமச் சொல்வதுபோலவே, முன்காலில் எக்கி நின்று குதிகாலைத் தொப்பென்று தரையில் போடச் சொல்வதும் உண்டு. இரண்டிலும் வலது கீழ்ப்பக்கம் குத்தினால் அது பெரிய அடையாளம். ஆனால் வலி மாத்திரை உள்ளே இருக்கும்போது குத்தவில்லை என்றால் அதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. வீட்டில் யாரும் வயிற்றை ஆழமாக அழுத்தியும் பார்க்க வேண்டாம்.

எதுவும் சாப்பிடக் கொடுக்காதே, குடிக்கவும் கொடுக்காதே, வாயை மட்டும் நனைத்துக்கொள்ளட்டும், பைக்கில் வேண்டாம், கார் பிடித்து வா என்று அக்காவிடம் சொன்னேன். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். போட்ட மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துவரச் சொன்னேன்.

ஒன்பது மணிக்கு மருத்துவமனையில் அவன் காரிலிருந்து இறங்கியதைப் பார்த்தவுடனே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. லேசாக முன்னால் குனிந்து, வலது காலை மெதுவாக வைத்து நடந்தான். படுக்க வைத்ததும் வலது முழங்காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தான். சிறுநீரகக் கல் வலியோடு வருகிறவர் பெஞ்சில் உட்கார முடியாமல் எழுந்து, நடந்து, உருண்டு தவிப்பார். குடல்வால் வலிக்காரர் அசையவே மாட்டார், அசைந்தால் சவ்வு உரசி வலிக்கும் என்பதால். ரெண்டுமே வலப்பக்கம் வரலாம் என்றாலும் கட்டிலில் கிடக்கிற விதம் வேறு.

சர்ஜன் முதலில் இடது பக்கம் அழுத்தினார். அவன் வலது பக்கம் வலிக்கிறது என்றான். காய்ச்சல் 99.8, அதுவும் பாராசிட்டமால் போட்ட உடம்பில். நாடி 104. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் 15,800, சாதாரணமாக 11,000க்குள் இருக்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஸ்கேனில் குடல்வால் 9 மில்லிமீட்டர் தடித்து, அழுத்தினாலும் அமுங்காமல் இருந்தது. 6 மில்லிமீட்டரைத் தாண்டினாலே சந்தேகப்படுவார்கள். உள்ளே ஒரு மலக்கல், வெளியே கொஞ்சம் நீர்.

அறுவைச் சிகிச்சை இல்லாமல் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்க்கலாமா என்று அக்கா கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். சிக்கல் இல்லாத ஆரம்ப நிலையில், ஸ்கேன் எடுத்து உறுதி செய்தபின், மருத்துவமனைக் கண்காணிப்பில் அப்படிச் செய்வது இன்று உண்டு. அமெரிக்காவில் 2020ல் வெளியான பெரிய ஆய்வில் அப்படி மருந்து கொடுத்தவர்களில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேருக்கு மூன்று மாதத்துக்குள் அறுவை செய்ய வேண்டி வந்தது. மலக்கல் இருந்தவர்களுக்கு அது இன்னும் அதிகம். இவனுக்குக் கல் இருந்ததால் சர்ஜன் அன்றிரவே எடுத்துவிடலாம் என்றார்.

அதற்கப்புறம் அவர் செய்த ஒரு காரியத்தைப் பார்த்து அக்காவுக்குக் குழப்பம். வலி குறைய நரம்பில் ஊசி போடச் சொன்னார். "இத்தன நேரம் வலி மாத்திரை தப்புன்னு சொன்னியே, இப்ப அவங்களே போடறாங்களே?" என்று என்னிடம் கேட்டாள். வயிறு முழுக்கத் தொட்டுப் பார்த்து, ரத்தமும் ஸ்கேனும் பார்த்தாகிவிட்டது. இனி அந்த வலியிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் மிச்சமில்லை, அவன் எதற்குத் துடிக்க வேண்டும்? ஒரு காலத்தில் முடிவெடுக்கும் வரை வலிமருந்தே கொடுக்கக் கூடாது என்று சர்ஜன்களே விதி வைத்திருந்தார்கள். பிறகு நடந்த ஆய்வுகளில், மருத்துவர் பார்வையில் இருக்கிற நோயாளிக்கு வலிமருந்து கொடுப்பதால் நோயைத் தவறவிடுவது கூடவில்லை என்று தெரிந்ததும் அந்த விதி போய்விட்டது. மருத்துவமனையில் வலி குறைந்தாலும் நாடி பார்க்க, ரத்தம் எடுக்க, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஆள் இருக்கிறார்கள். லைன் வீட்டில் வலி ஒன்றுதான் அளவுகோல். அதையும் அமுக்கிவிட்டால், மருத்துவமனைக்குப் போகலாமா என்று முடிவெடுக்கக் கையில் எதுவுமில்லை.

நள்ளிரவுக்குப் பிறகு லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள். குடல்வாலின் நுனி கறுத்து, சுற்றிலும் சீழ் படிந்திருந்தது. ஓட்டை விழவில்லை. வலி தொடங்கி ஒன்றரை நாளைத் தாண்டும்போது ஓட்டை விழும் ஆபத்து ஏறத் தொடங்கும் என்பார்கள். அவன் அதற்குள் வந்துவிட்டான். இன்னொரு ஊசி போட்டுக்கொண்டு சனிக்கிழமை ஷிப்மென்ட்டுக்குப் போயிருந்தால் நிலைமை வேறு.

அந்த வேறு நிலைமையையும் வார்டில் பார்த்திருக்கிறேன். மஞ்சள் காட்டில் வேலை செய்கிற ஒரு வயதான அம்மா. மூன்று நாள் மாத்திரையிலேயே ஓட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் வலி சட்டென்று விட்டுவிட்டது, களை எடுக்கவும் போயிருக்கிறார். உப்பியிருந்த குழாய் உடைந்தால் உள்ளழுத்தம் போய் சில மணி நேரம் அப்படிச் சுகமாக இருக்கும். பிறகு சீழும் மலக்கிருமியும் வயிறு முழுக்கப் பரவி, வலி எங்கும் வரும். அவரைக் கொண்டுவந்தபோது வயிறு பலகை மாதிரி விறைத்திருந்தது. வயிற்றைத் திறந்து கழுவி, குழாய் வைத்து, பல நாள் போராடித்தான் வீட்டுக்கு அனுப்பினோம். படிப்படியாகக் கூடிவந்த வலி காரணமில்லாமல் திடீரென்று நின்றால், அதைக் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாருக்கும் வலி இப்படிப் பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி நகராது என்பதையும் சொல்ல வேண்டும். குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் மடிந்திருந்தால் வலி விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம் இருக்கும். இடுப்புக்குழிக்குள் இறங்கியிருந்தால் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், இளக்கமான மலம் என்று வேறு நோயாகத் தெரியும். கர்ப்பிணிகளுக்கு வலி வழக்கத்தைவிட மேலே வரலாம். சின்னக் குழந்தைகளுக்குச் சீக்கிரம் உடைந்துவிடும், வயதானவர்களுக்கு வலியே மந்தமாக இருக்கும். பெண்களுக்கு வலது கீழ்ப்பக்க வலி என்றால் கருக்குழாயில் தங்கிய கருவாகவோ, முறுக்கிக்கொண்ட சூலகமாகவோ இருக்கலாம், அவையும் அவசரம்தான். நான் வீட்டாருக்குச் சொல்கிற கணக்கு எளிமையானது. நன்றாக இருந்த ஒருவருக்கு வந்த வயிற்று வலி ஆறு மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருந்தால், எந்தப் பக்கமாக இருந்தாலும் மருத்துவர் கை வயிற்றில் பட வேண்டும். முதலில் வலி வந்து, அப்புறம் வாந்தி வந்திருந்தால் இன்னும் கவனம். வயிற்றுப்போக்கு நோய்களில் பெரும்பாலும் வாந்தி முந்திக்கொள்ளும். வயிறு விறைத்துவிட்டால் யோசிக்காமல் 108.

ஏற்கெனவே மாத்திரை போட்டாகிவிட்டது என்றால் அதற்காகத் தயங்கி வீட்டில் இருக்க வேண்டாம். திட்டுவார்கள் என்று மறைக்கவும் வேண்டாம். ஓ.பி.யில் முதல் வார்த்தையாக அதையே சொல்லுங்கள்: எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, அதற்கு முன் வலி எங்கே இருந்தது. எங்கள் பையனின் 99.8ஐ சர்ஜன் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் அக்கா நீட்டிய அந்த மாத்திரை அட்டை.

அவனை வீட்டுக்கு அனுப்பும்போது பாராசிட்டமாலும் எழுதிக் கொடுத்தார்கள். தையல் வலிக்கு அது தேவைதான். அதோடு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி அக்காவிடம் கொடுத்தேன். அறுவை முடிந்து சில நாள் கழித்து வயிற்றுக்குள் சீழ் கட்டுவது உண்டு, அதன் முதல் அடையாளம் காய்ச்சல்தான். அதனால் ஒவ்வொரு தரமும் மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் காய்ச்சலைப் பார்த்துக் காலண்டர் தாளில் நேரத்தோடு எழுதிவைக்கச் சொன்னேன். 100க்கு மேல் போனாலோ, தொப்புள் தையலில் நீர் கசிந்தாலோ, அந்தத் தாளோடு அதே வார்டுக்கு வர வேண்டும். எழுதிவைத்தாள், ஒன்றும் ஏறவில்லை.